சுருதி சொல்லுக்கா, வாக்கியத்துக்கா? மாண்டரின் டோன் பழகத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

‘சரி’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேச்சை முடித்துவைக்கும் ‘சரி.’ ஒன்று. ‘என்ன, சம்மதமா?’ என்று கேட்கும் ‘சரி?’ இன்னொன்று. ‘ம், மேலே சொல்லு’ என்று இழுக்கும் ‘சரி…’ மூன்றாவது. மூன்றிலும் சுருதி போகிற பாதை வேறு. ஆனாலும் மூன்றும் அதே சொல்தான். மாறியது பேசுபவரின் நோக்கம் மட்டும். இதை வாக்கியத்தின் ஏற்ற இறக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

மாண்டரின் சீனத்துக்கு வாருங்கள். ‘மாய்’ என்று ஓர் அசை. மேலிருந்து சட்டென்று இறக்கிச் சொன்னால் ‘விற்பது’. அடித்தொண்டையில் தாழ்வாகச் சொன்னால் ‘வாங்குவது’. நடுவிலிருந்து மேலே ஏற்றினால் ‘புதைப்பது’. இங்கே சுருதி பேசுபவரின் மனநிலையைக் காட்டவில்லை. கல், பல், சொல் என்பவற்றில் முதல் எழுத்து எப்படிச் சொல்லைப் பிரிக்கிறதோ அந்த வேலையைச் செய்கிறது. இதுதான் டோன்.

சிக்கல் எங்கே என்றால், மாண்டரின் பேசுபவர்களும் கேள்வி கேட்கிறார்கள், வியக்கிறார்கள், அழுத்திச் சொல்கிறார்கள். டோனும் ஏற்ற இறக்கமும் ஒரே குரலில், ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நமக்கு ஏற்ற இறக்கம் மட்டுமே பழக்கம். அதுவும் யோசிக்காமலே வந்துவிடும். டோனை மனப்பாடம் செய்த பிறகும் பேசும்போது தப்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ‘மாய்’ என்ற அந்த ஒரு அசையைப் பின்தொடர்ந்து போகலாம்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. சீன ஒலிகளைத் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்டத்தான் காட்ட முடியும். சரியான உச்சரிப்பை ஒலிப்பதிவில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது அசைக்குப் பின்னால் வரும் எண். மாய்3 என்றால் மூன்றாம் டோன், மாய்4 என்றால் நான்காம் டோன்.

உங்கள் குரலுக்குள் ஐந்து படிகள்

சாவ் யுவென் ரென் என்ற சீன மொழியியலாளர் 1930இல் ஒரு எளிய முறையைக் கொண்டுவந்தார். பேசுபவரின் குரல் வீச்சை ஐந்து படிகளாகப் பிரிக்க வேண்டும். 1 மிகத் தாழ்வு, 5 மிக உயரம். இதன்படி முதல் டோன் 55, அதாவது உயரத்தில் தொடங்கி அசையாமல் நிற்பது. இரண்டாம் டோன் 35, ஏறுவது. மூன்றாவது 214, இறங்கி ஏறுவது. நான்காவது 51, உச்சியிலிருந்து அடிவரை விழுவது. இவை போக, சுருக்கமாக, தனக்கென்று சுருதி இல்லாமல் வரும் நடுநிலை டோன் ஒன்றும் உண்டு.

இந்த எண்கள் ஆர்மோனியக் கட்டைகள் அல்ல. உங்கள் 5 உங்கள் குரலுக்கு உயரம், அவ்வளவுதான். ஒரே ஆளுக்குக்கூட அது நிலையானது இல்லை. மாண்டரின் வாக்கியம் நீள நீளச் சுருதி மெல்லக் கீழே சரியும். வாக்கியக் கடைசியில் வரும் முதல் டோன், தொடக்கத்தில் வந்த முதல் டோனைவிடத் தாழ்ந்திருப்பது இயல்பு. அது மட்டமாக நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

பழகும் விதம்: முதலில் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று முனகுங்கள். உயிரும் மெய்யும் இல்லாததால் காது சுருதியை மட்டும் கேட்கும். உயரத்தில் நீட்டி ஒரு முனகல், மேலிருந்து விழும் ஒரு முனகல், அடியில் ஒன்று, ஏறுவது ஒன்று. இந்த நான்கும் ஒன்றோடொன்று குழம்பாமல் வந்த பிறகு ‘மாய்’க்குப் போகலாம். தொடங்குபவர்கள் பெரும்பாலும் வீச்சைக் குறுக்கிவிடுவார்கள். 51 என்பது 43 ஆகிவிடும். கொஞ்சம் மிகையாகத் தோன்றும் அளவுக்கு இறக்குங்கள்; பெரும்பாலும் அதுதான் சரியான அளவு.

மூன்றாம் டோனைத் தாழ்வாகப் பழகுங்கள்

பாடநூல்களில் மூன்றாம் டோனுக்குப் பள்ளம் போல ஒரு வளைவு போட்டிருப்பார்கள். என் கருத்தில் தொடங்குபவருக்கு அதிகக் கெடுதல் செய்யும் படம் அதுதான். அந்த முழு வளைவு, சொல் தனியாக நிற்கும்போதும் பேச்சு முடியும் இடத்திலும்தான் வரும். அங்கேயும் எப்போதும் வராது. பின்னால் முதல், இரண்டாம், நான்காம் டோன் வந்தால் மூன்றாம் டோன் பாதியோடு நின்றுவிடும். 21, அதாவது தாழ்வாகத் தொடங்கி இன்னும் தாழ்ந்து அங்கேயே நிற்கும். ‘ஆசிரியர்’ என்பதற்கு லாவ்3 ஷர்1. இதில் லாவ் அடியிலேயே கிடக்க வேண்டும். வளைவை முழுசாகப் போட்டால் அதன் வால் மேலே ஏறும். கேட்பவர் காதில் அது இரண்டாம் டோனாக விழும்.

எனவே மூன்றாம் டோனை ‘தாழ்வு’ என்றே மனதில் பதியுங்கள். பேச்சின் முடிவில் தானாக வால் எழுந்தால் எழட்டும். தாழும்போது குரல் கரகரத்து உடைவதும் இயல்புதான். சீனர்களுக்கே அப்படித்தான் வருகிறது.

பட்டியலாக ஒப்பிக்காதீர்கள்

‘நேற்று, இன்று, நாளை’ என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டும் ‘இன்னும் இருக்கிறது’ என்கிற மாதிரி வால் தூக்கி நிற்கும். கடைசிச் சொல் இறங்கி முடியும். இது பட்டியலின் ராகம். இதே ராகத்தில் மாண்டரின் எண்களை ஒப்பித்தால், இரண்டு என்பதற்கான அர்4 ஏறும், நான்குக்கான சொல்லும் ஏறும். இரண்டும் விழ வேண்டியவை. கடைசியாக வரும் பத்து, ஷர்2, ஏற வேண்டியது; அது இறங்கிவிடும். தினமும் இப்படி ஒப்பித்தால் தப்பான சுருதி நன்றாக மனப்பாடமாகும்.

இதற்கு மாற்று, சொல்லை ஒரு வாக்கியத்தின் நடுவில் வைத்துப் பழகுவது. ‘நான் ___ என்ற சொல்லைச் சொல்கிறேன்’ என்ற பொருளில் வோ3 ஷுவோ1 ___ ஜே4 க ட்ஸ்4 என்று ஒரு சட்டகம் உண்டு. கோடிட்ட இடத்தில் மாய்2, மாய்3, மாய்4 மூன்றையும் மாற்றி மாற்றி வையுங்கள். நடுவில் இருப்பதால் வாக்கிய முடிவின் இழுப்பு அந்தச் சொல்லைத் தொடாது. அடுத்து வரும் ஜே4 நான்காம் டோன் என்பதால் மாய்3 இங்கே பாதி வடிவில், தாழ்ந்தே வரும். நன்கு படிந்த பிறகு சட்டகத்தின் பின்பாதியை வெட்டிவிட்டு, வோ3 ஷுவோ1 மாய்4 என்று அதே சொல்லைக் கடைசியில் நிறுத்துங்கள். சுருதி மாறாமல் நின்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

தமிழில் சாதாரண வாக்கியம் இறங்கி முடியும். அதனால் கடைசியில் வரும் முதல் டோன் நமக்கு வழுக்கும். ‘அவர் சொல்கிறார்’ என்பதற்கு தா1 ஷுவோ1. இரண்டும் உயரத்தில் நிற்க வேண்டும். ஷுவோ விழுந்தால் அது நான்காம் டோன்.

இரண்டு மூன்றாம் டோன்கள் சந்தித்தால்

கல்லும் சிலையும் சேர்ந்தால் கற்சிலை ஆவது நமக்குப் புதிதில்லை. அதே மாதிரி டோனிலும் சந்தி உண்டு. மாண்டரினில் முதன்மையான விதி இது: மூன்றாம் டோனுக்குப் பின்னால் இன்னொரு மூன்றாம் டோன் வந்தால், முதலாவது இரண்டாம் டோனாக மாறும். முதல் நாளே கற்றுக்கொள்ளும் வணக்கமான நீ3 ஹாவ்3, வாயில் நீ2 ஹாவ்3. தமிழில் சந்தி எழுத்தில் தெரியும். இங்கே தெரியாது. சீன எழுத்தில் டோன் கிடையாது; ஒலிப்பை எழுதும் பின்யின் முறையிலும் 3-3 என்றுதான் போட்டிருக்கும். மாற்றுவது படிப்பவர் பொறுப்பு.

மாறிய டோன் அசல் இரண்டாம் டோனிலிருந்து வேறுபடுமா? ‘குதிரை வாங்குவது’ மாய்3 மா3. ‘குதிரையைப் புதைப்பது’ மாய்2 மா3. விதிப்படி முதலாவதும் மாய்2 மா3 ஆகிவிடும். இத்தகைய ஜோடிகளை 1967இல் வில்லியம் வாங்கும் குங்-பு லீயும் சீனர்களிடமே போட்டுக் காட்டிச் சோதித்தார்கள். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஊகிக்கத்தான் முடிந்தது. கருவியில் நுட்பமாக அளந்தால் மாறிய டோன் சற்றே தாழ்ந்திருக்கும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. காதுக்கு அது எட்டாது. ஆகவே நீங்கள் முழு மனதோடு இரண்டாம் டோனையே சொல்லலாம். பாதி மாற்றம் என்று எதையும் தேட வேண்டாம்.

இப்போது ‘நீ வாங்குகிறாய்’, ‘நீ விற்கிறாய்’ என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வாங்குவது: நீ3 மாய்3. சந்திக்குப் பிறகு நீ2 மாய்3. ‘நீ’ ஏறுகிறது, மாய் தாழ்கிறது.

விற்பது: நீ3 மாய்4. சந்தி இல்லை. ‘நீ’ பாதி வடிவில் தாழ்ந்து நிற்கிறது, மாய் உச்சியிலிருந்து விழுகிறது.

அதாவது வாங்குவதா விற்பதா என்ற தகவல் ‘மாய்’ வருவதற்கு முன்பே, ‘நீ’யிலேயே கசிந்துவிடுகிறது. சீனர்கள் அதைக் கேட்டுவிடுவார்கள். நீங்கள் ‘நீ’யைத் தாழ்த்தி வைத்துவிட்டு மாய்3 சொன்னால், மாய் சரியாக இருந்தாலும் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார். ‘நம் டோன் சரியாகத்தானே இருந்தது, ஏன் புரியவில்லை?’ என்று நினைக்கத் தோன்றும் இடங்களில், தப்பு முந்தைய அசையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘விரும்பு’ என்ற ஷியாங்3 நடுவில் வந்தால் விளையாட்டு இன்னும் கூடும். ‘நான் விற்க விரும்புகிறேன்’: வோ3 ஷியாங்3 மாய்4. வோவும் ஷியாங்கும் மூன்றாம் டோன் என்பதால் வோ2 ஆகிறது. ஷியாங்குக்குப் பின்னால் நான்காவது. எனவே அது தாழ்ந்தே இருக்கிறது. விளைவு 2-3-4. ‘நான் வாங்க விரும்புகிறேன்’ என்பதில் மூன்றும் மூன்றாம் டோன்: 3-3-3. நிதானமாகச் சொன்னால் ‘வாங்க விரும்பு’ என்பது ஒரு கொத்து, ‘நான்’ தனி. கொத்துக்குள் சந்தி நடந்து ஷியாங்2 மாய்3 ஆகும். வோவுக்குப் பின்னால் இப்போது இருப்பது இரண்டாம் டோன், அதனால் வோ தாழ்ந்தே நிற்கும். 3-2-3. வேகமாகப் பேசினால் மூன்றும் ஒரே கொத்தாகி 2-2-3 என்றும் வரும். இரண்டும் சரி. ஆனால் வாங்குவதில் ஷியாங் ஏறியே ஆக வேண்டும், விற்பதில் தாழ்ந்தே ஆக வேண்டும். உங்கள் பதிவில் இரண்டு வாக்கியத்திலும் ஷியாங் ஒரே மாதிரி ஒலித்தால் ஏதோ ஒன்று தப்பு.

மூன்று மூன்றாம் டோன்கள் வரிசையாக வரும் சொற்களிலும் கொத்து எப்படிப் பிரிகிறது என்பதுதான் கணக்கு. ‘சின்னக் குடை’ ஷியாவ்3 யூ3-சான்3. குடை என்பது பின்னிரண்டு அசைகள். அது முதலில் 2-3 ஆகிவிடும். மொத்தம் 3-2-3. ‘முகம் கழுவும் தண்ணீர்’ ஷீ3-லியன்3 ஷுவேய்3. இங்கே ‘முகம் கழுவு’ என்பது முன்னிரண்டு. ஷீ முதலில் மாறும், பிறகு லியன் தனக்குப் பின்னால் உள்ள தண்ணீரால் மாறும். மொத்தம் 2-2-3. எனவே இடமிருந்து வலமாக எண்களை மாற்றிக்கொண்டே போக வேண்டாம். எது எதோடு ஒட்டுகிறது என்று பொருளை வைத்து முதலில் பிரியுங்கள், உள்ளே இருக்கும் கொத்திலிருந்து வெளியே வாருங்கள்.

‘இல்லை’யும் ‘ஒன்று’ம்

மறுப்புச் சொல் பு4. பின்னால் நான்காம் டோன் வந்தால் மட்டும் அது பு2 ஆகும். நம் ஜோடிக்கு இது நல்ல உதவி. ‘விற்கவில்லை’ பு2 மாய்4, ‘வாங்கவில்லை’ பு4 மாய்3. முன்னது ஏறி விழுகிறது, பின்னது விழுந்து அடியில் கிடக்கிறது. இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. ஒரே இடத்தில் சந்தி, தாழ்ந்த மூன்றாம் டோன், முழு வீழ்ச்சி எல்லாம் வந்துவிடுகின்றன.

‘ஒன்று’ என்ற யீ1 எண்ணும்போதும் ‘முதலாவது’ என்ற பொருளிலும் மாறாது. மற்ற இடங்களில் நான்காம் டோனுக்கு முன் யீ2, மற்ற மூன்று டோன்களுக்கு முன் யீ4. சில பாடநூல்கள் இந்த இரண்டு சொற்களின் மாற்றத்தை எழுதிக் காட்டும், சில காட்டாது. உங்கள் புத்தகம் எந்த ரகம் என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம்தான் கேள்வி

இதுவரை டோன் மட்டும். இனி அதன்மேல் வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தை ஏற்ற வேண்டும். பேரலையின் மேல் சிற்றலைகள் ஓடுவதைப் போல என்று இந்த உறவை விளக்கியவரும் சாவ்தான். அலை மேலே எழும்பும்போது சிற்றலையும் கூடவே உயரும். அதன் வடிவம் அழிந்துவிடாது.

‘நீ விற்கிறாயா?’ என்று கேள்விச் சொல் எதுவும் சேர்க்காமல் கேட்பதாக வைத்துக்கொள்வோம். நீ3 மாய்4? தமிழ்ப் பழக்கம் கடைசி அசையை மேலே தூக்கும். தூக்கினால் மாய் ஏறும். கண்டிப்பாகப் பார்த்தால் அது ‘புதைப்பது’. பேசுகிற சூழலில் கேட்பவர் அதை ‘வாங்குவது’ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். விற்பதைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு வாங்குவதைப் பற்றிப் பதில் வரும்.

சீனர்கள் செய்வது வேறு. மொத்த வாக்கியத்தையும், குறிப்பாகக் கடைசிப் பகுதியை, மேலே நகர்த்துவார்கள். மாய்4 கேள்வியிலும் விழும், இன்னும் உயரமான இடத்திலிருந்து விழும். அதைப் பிடிக்க ஒரு வழி: முதலில் தா1 மாய்4, ‘அவர் விற்கிறார்’ என்று செய்தியாகச் சொல்லுங்கள். பிறகு நம்பாமல் கேட்பதுபோல, தா1ஐயே வழக்கத்தைவிட உயரத்தில் தொடங்குங்கள். உயரத்தில் தொடங்கிவிட்டால் மாய் விழுவதற்கு இடம் கிடைக்கும். கடைசி அசையில் திடீரென்று ஏறத் தோன்றுவதும் குறையும்.

தொடக்கத்தில் இந்தச் சோதனையே வேண்டாம் என்பவர்களுக்கு மொழியே வசதி செய்து கொடுத்திருக்கிறது. கடைசியில் நடுநிலை டோனில் ‘மா’ சேர்த்தால் கேள்வி ஆகிவிடும்: நீ3 மாய்4 மா? கேள்வி என்ற தகவலை அந்த ‘மா’ சுமக்கிறது; மாய் தன் சுருதியை நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். ஆரம்ப மாதங்களில் எல்லாக் கேள்வியையும் இப்படியே கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

அழுத்திச் சொல்வதும் இதே வகை. மாண்டரினில் ஒரு சொல்லை அழுத்தினால் அதன் வீச்சு விரியும், அசை கொஞ்சம் நீளும். உயரம் இன்னும் உயரும், தாழ்வு இன்னும் தாழும். அதற்குப் பின்னால் வரும் சொற்களின் வீச்சு சுருங்கும். மாய்3ஐ அழுத்த வேண்டுமானால் குரலை உயர்த்தக் கூடாது, இன்னும் கீழே அமுக்க வேண்டும். இது பழக நாளாகும். நமக்கு அழுத்தம் என்றாலே குரல் மேலே போகும்.

பதிவு செய்து பாருங்கள்

சொந்தக் காதை மட்டும் நம்ப முடியாது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய Praat என்ற இலவச மென்பொருள் சுருதியைக் கோடாகக் காட்டும். அதில் Record mono Sound... மூலம் பதிவு செய்து, Save to list கொடுத்துவிட்டு, View & Edit அழுத்துங்கள். சுருதிக் கோடு நீலத்தில் தெரியும். தேடும் வீச்சை ஆண் குரலுக்குச் சுமார் 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 500 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் பெரும்பாலும் ஒழுங்காக வரும்.

நீ3 மாய்3, நீ3 மாய்4 இரண்டையும் பதிவு செய்து, ஒரு சீனர் பேசிய பதிவோடு ஒப்பிடுங்கள். ஹெர்ட்ஸ் எண்களை ஒப்பிட வேண்டாம், கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். மாய்3இன் அடியில் கோடு அறுந்துபோயிருந்தால் பயப்பட வேண்டாம். கரகரத்த குரலில் மென்பொருளுக்குச் சுருதி கிடைப்பதில்லை. கோடு திடீரென்று சரியாக இரு மடங்கு மேலே தாவினாலோ பாதிக்கு விழுந்தாலோ அது பெரும்பாலும் மென்பொருளின் கணக்குத் தப்பு, உங்களுடையது அல்ல. கவனிக்க வேண்டியது, கேள்வியாகக் கேட்ட மாய்4இன் கோட்டுக் கடைசி. அது மேல்நோக்கி வளைந்திருந்தால் தமிழ் உள்ளே புகுந்துவிட்டது.

கருவி சொல்லாததை ஆள் சொல்வார். தெரிந்த சீனர் ஒருவரிடம் ‘வாங்கவில்லை’, ‘விற்கவில்லை’ இரண்டையும் கலந்து சொல்லி, அவர் காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்து ஊகிக்க முடியாதபடி தொலைபேசியில் செய்தால் இன்னும் நல்லது.

வேறு மொழி கற்பவர்களுக்கு

இந்த விதிகளை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தைவானில் பேசும் ஹொக்கியன் என்ற சீன மொழியில் சந்தி வேறு விதம். ஒரு கொத்தின் கடைசி அசை மட்டும் தன் டோனை வைத்துக்கொள்ளும், அதற்கு முன்னால் உள்ளவை எல்லாம் மாறும். அதிலும் 55 என்பது 33 ஆகும், 33 என்பது 21 ஆகும், 21 என்பது 51 ஆகும், 51 மறுபடி 55 ஆகும். கேள்வி விஷயத்தில் கான்டனீஸ் மாண்டரினைப் போல அல்ல. சொல் எதுவும் சேர்க்காமல் கேட்கும் கேள்வியில் கடைசி அசையின் வால் உண்மையாகவே மேலே ஏறும். தாழ்ந்த டோன்கள் அப்போது ஏறும் டோன் போலவே ஒலிக்கும். அந்த மொழிக்காரர்களே அந்த இடத்தில் குழம்புவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. எனவே எந்த மொழி எடுத்தாலும் ஆசிரியரிடம் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். சேர்ந்து வரும்போது மாறுவது முன் அசையா, பின் அசையா? கேள்வி கேட்கும்போது கடைசி அசையின் வடிவம் மாறுமா, உயரம் மட்டும் மாறுமா?